நீர் இருந்தது: கற்பனைக் குடி ஒன்றுக்குத் தோற்றக் கதை கட்டுவது எப்படி

நாவலுக்காகவோ கணினி விளையாட்டுக்காகவோ ஒரு குடியைக் கற்பனை செய்பவர்கள், அந்தக் குடியின் தோற்றக் கதையை எழுத உட்கார்ந்ததும் முதலில் தேடுவது கடவுளை. ஆதியில் யார் இருந்தார், எதைக் கொண்டு உலகைச் செய்தார், யாரோடு சண்டை போட்டார் என்று குறிப்பெடுக்கிறார்கள். பிறகு வாய்மொழிச் சாயல் வேண்டுமே என்று சில வரிகளை இரண்டு முறை எழுதுகிறார்கள். படித்துப் பார்த்தால் கலைக்களஞ்சியக் குறிப்பு போலவே இருக்கிறது. வரி திரும்ப வருகிறது, ஆனால் அது ஏன் திரும்ப வர வேண்டும் என்பதற்குக் கதைக்குள் காரணமே இல்லை.

வாய்மொழியில் திரும்ப வரும் வரிக்கு வேலை இருக்கிறது. சொல்பவருக்கு அடுத்த அடி நினைவுக்கு வர அது நேரம் வாங்கிக் கொடுக்கிறது. கேட்பவருக்கு எந்த இடத்தில் குரல் கொடுக்க வேண்டும் என்று காட்டுகிறது. சடங்கில் கை ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது, அந்த வேலைக்குத் தாளம் போடுகிறது. அதனால் கட்டும் வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும்: முதலில் சொல்லப்படும் சந்தர்ப்பம், அடுத்து வாக்கியத்தின் அச்சு, அதாவது சில சொற்கள் மட்டும் மாற அப்படியே திரும்ப வரும் வடிவம், கடைசியில்தான் கதை. ஒரு குடியை எடுத்துக்கொண்டு இந்த வரிசைப்படியே கட்டிப் பார்ப்போம்.

அந்தக் குடிக்கு ஓதக்குடி என்று பேர் வைத்துக்கொள்வோம். ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தில், கண்டல் மரங்களுக்கு நடுவே வாழ்கிறார்கள். ஓதம் ஏறினால் வீட்டின் கால் வரை நீர் நிற்கும்; வற்றினால் கண்ணுக்கு எட்டிய தூரம் சேறு. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் ஆகும். எனவே பெரும்பாலான நாட்களில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். இந்தக் கணக்கு பின்னால் வேண்டியிருக்கும்.

சந்தர்ப்பம்

தோற்றக் கதையை யாரும் சும்மா சொல்வதில்லை. கிழக்கிந்தியப் பழங்குடிகளான சந்தால் மக்களிடையே உலகம் உண்டான கதை, குழந்தையைக் குடியில் ஒருவராகச் சேர்த்துக்கொள்ளும் சடங்கில் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. புதிதாக வந்தவருக்கு ‘நாம் எங்கிருந்து வந்தோம்’ என்று சொல்லி உள்ளே அழைத்துக்கொள்கிறார்கள். சந்தர்ப்பம் இப்படித் தெளிவாக இருந்தால் கதை எதைச் சொல்ல வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது தானாகவே தீர்ந்துவிடும்.

ஓதக்குடிக்கு நாம் வைத்துக்கொள்ளும் சந்தர்ப்பம் இது. குழந்தையின் கால் முதன்முதலாகச் சேற்றில் படும் நாள். அன்றுதான் குழந்தைக்குப் பேர் வைக்கிறார்கள். முழு வற்றத்தின்போது குடியின் மூத்தவள் சேற்றில் நின்று சொல்கிறாள்; சுற்றி நிற்பவர்கள் எதிர்க்குரல் கொடுக்கிறார்கள். தாய்மாமன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். நீர் திரும்பி வந்து அவன் கணுக்காலைத் தொடுவதற்குள் கதை முடிந்து, குழந்தையின் கால் சேற்றில் பட்டுவிட வேண்டும்.

இந்தச் சில வாக்கியங்களில் ஐந்து முடிவுகள் எடுத்தாகிவிட்டன: சொல்பவர், கேட்பவர், பதில் சொல்பவர், கை செய்யும் காரியம், முடிக்க வேண்டிய நேரம். ஐந்தாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நேர எல்லை இல்லாத சடங்குக் கதை எழுதுபவர் கையில் வீங்கிக்கொண்டே போகும். நிதானமாக, எதிர்க்குரலோடு சொன்னால் நிமிடத்துக்கு 70 முதல் 90 சொற்கள்தான் ஓடும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு நீங்களே உரக்கச் சொல்லிப் பார்த்தால் உங்கள் வேகம் தெரியும். முதல் முயற்சிக்கு ஐந்து நிமிடம் போதும். அதாவது 400 சொற்களுக்குள். அதைத் தாண்டினால் புதியவர்கள் கதையின் மேல் கதை அடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

‘இல்லை’ என்று திறப்பது

உலகம் இல்லாத காலத்தை எப்படிச் சொல்வது? பல மரபுகள் ஒரே வழியைக் கண்டுபிடித்திருக்கின்றன: இருப்பவற்றை ஒவ்வொன்றாக ‘இல்லை’ என்று நீக்குவது. ‘கல்தோன்றி மண்தோன்றாக் காலத்தே’ என்று நாம் மேடைதோறும் கேட்கும் புறப்பொருள் வெண்பாமாலை அடியிலும் காலம் எதிர்மறையால்தான் அளக்கப்படுகிறது. இதில் கவனிக்க வேண்டியது, எதை நீக்குகிறோம் என்பது. ‘ஒளி இல்லை, வெளி இல்லை, பிரபஞ்சம் இல்லை’ என்று எழுதினால் அது எந்தக் குடிக்கும் பொருந்தும். ஆகவே எந்தக் குடிக்கும் சொந்தமில்லை. அந்த மக்கள் காலையில் எழுந்ததும் கண்ணால் பார்ப்பதை, கையால் தொடுவதை நீக்க வேண்டும்.

> வற்றமும் இல்லை, வற்றம் பார்க்கும் கண்ணும் இல்லை.
> — நீர் இருந்தது.
> சேறும் இல்லை, சேற்றில் பதியும் காலும் இல்லை.
> — நீர் இருந்தது.
> கண்டலும் இல்லை, கண்டலில் கட்டும் ஓடமும் இல்லை.
> — நீர் இருந்தது.
> பேரும் இல்லை, பேர் சொல்லிக் கூப்பிடும் வாயும் இல்லை.
> — நீர் இருந்தது. நீர் மட்டும் இருந்தது.

கோடு போட்டுத் தொடங்கும் வரிகள் கூட்டத்தின் எதிர்க்குரல். மூத்தவளின் நான்கு வரிகளுக்கும் அச்சு ஒன்றே: ‘இதுவும் இல்லை, இதோடு சேர்ந்த அதுவும் இல்லை.’ மாறுவது இரண்டு சொற்களும் அவற்றை இணைக்கும் வினையும்தான். இரண்டாம் பாதி முதல் பாதியிலிருந்தே முளைப்பதால், ‘சேறு’ என்று தொடங்கிவிட்டால் ‘கால்’ நாக்கில் வந்து நின்றுவிடும். நீலகிரியில் வாழும் தோடர்களின் பாடல்கள் முழுக்க இப்படி இணை இணையாக வரும் சொற்றொடர்களால் ஆனவை. 1930களில் அங்கே தங்கி அந்த மொழியைக் கற்ற மொழியியலாளர் எமனோ, அந்தப் பாடல்களைத் தொகுத்து இதை விரிவாகக் காட்டியிருக்கிறார். ஒரு சொல்லைச் சொன்னால் அதன் இணை எது என்பது பாடுபவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும்.

எழுதத் தொடங்கும் முன் இப்படிப்பட்ட இணைகளின் பட்டியல் ஒன்றைத் தயார் செய்துகொள்வது நல்லது. சேறு–கால், கண்டல்–ஓடம், வற்றம்–கண், பேர்–வாய், வலை–கை, உப்பு–நாக்கு. இருபது இணைகள் எழுதினால் ஆறோ ஏழோ தேறும். தேறாதவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒன்றைச் சொல்லி நண்பரிடம் மற்றதைக் கேளுங்கள். அவர் தயங்கினால் அது இன்னும் இணை ஆகவில்லை.

நான்காவது வரியின் எதிர்க்குரல் மட்டும் சற்று நீண்டிருப்பதையும் பாருங்கள். ‘நீர் மட்டும் இருந்தது’ என்ற அந்தக் கூடுதல் துண்டு, இந்தப் பகுதி முடிந்தது என்று எல்லோருக்கும் சொல்லிவிடுகிறது. எழுத்தில் பத்தி இடைவெளி செய்யும் வேலையைக் குரலில் இது செய்கிறது.

ஏன் நான்கு? ஒவ்வொரு மரபுக்கும் ஓர் எண் பழகியிருக்கும். ஐரோப்பிய நாட்டுப்புறக் கதைகளில் எதுவும் மூன்று முறை நடக்கும். டென்மார்க் அறிஞர் ஆக்ஸல் ஓல்ரிக் 1909இல் இதைக் கதையின் விதிகளில் ஒன்றாகவே எழுதிவைத்தார். வட அமெரிக்காவின் நவஹோ, சூனி மக்களிடம் அந்த இடத்தை நான்கு பிடித்துக்கொள்கிறது. உங்கள் குடியின் எண்ணை அவர்கள் வாழ்விலிருந்து எடுங்கள். ஓதக்குடியின் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம், ஆகவே நான்கு. எடுத்த எண்ணைக் கதை முழுவதும் காப்பாற்ற வேண்டும். ஓரிடத்தில் நான்கும் இன்னோரிடத்தில் மூன்றும் வந்தால், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் கேட்பவருக்கு ஏதோ தட்டும்.

ஓர் அச்சு, நான்கு ஓட்டம்

இப்போதுதான் கதை. அடியில்லா நீருக்குள் ஓர் உயிர் மூழ்கிச் சேறு எடுத்துவர, அதிலிருந்து நிலம் உண்டாவது உலகில் மிகப் பரவலான கதைப்போக்கு. வட அமெரிக்காவிலும் சைபீரியாவிலும் மத்திய இந்தியாவிலும் இது உண்டு. சந்தால் கதையிலும் நீர்வாழ் உயிர்கள் ஒன்றன்பின் ஒன்றாக முயன்று தோற்கின்றன. கடைசியில் மண்புழுவும் ஆமையும் சேர்ந்து காரியத்தை முடிக்கின்றன. கதைப்போக்கு பொதுச்சொத்து, எடுத்துக்கொள்ளலாம். வாழும் ஒரு குடியின் தெய்வப் பேர்களையும் சடங்குச் சொற்களையும் எடுத்துக் கற்பனைக் குடியின் மேல் ஒட்டுவது தவறு.

இந்தப் போக்கு தொடக்கக்காரருக்கு ஏற்றது, ஏனென்றால் அதற்குள்ளேயே திரும்ப நிகழ்தல் இருக்கிறது. முதல் ஓட்டம்:

> நீர் கேட்டது: யார் இறங்குவார்?
> ‘நான்’ என்றது நாரை. நெடுங்கால் நாரை, நின்றே தூங்கும் நாரை.
> இறங்கியது, இறங்கியது. ஒரு மூச்சு இறங்கியது.
> அடியைத் தொட்டதா? தொடவில்லை.
> — நீர் மூடியது.

இதில் எது நிலையானது, எது மாறலாம் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். நீரின் கேள்வி, ‘நான்’ என்ற பதில், ‘இறங்கியது, இறங்கியது’, கூட்டத்தின் ‘நீர் மூடியது’ ஆகியவை நிலையானவை. ஓர் எழுத்தும் மாறக் கூடாது. உயிரின் பேர், அதன் இரண்டு அடைமொழிகள், மூச்சின் எண்ணிக்கை, கடைசிக் கேள்வி ஆகிய நான்கும் மாறும் இடங்கள். பள்ளிக்கூடக் கட்டுரைப் பழக்கம் இங்கேதான் காலை வாரிவிடுகிறது. ஒரே சொல்லைத் திரும்ப எழுதக் கூடாது என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதனால் இரண்டாம் முறை ‘மூழ்கியது’ என்றும் மூன்றாம் முறை ‘ஆழத்துக்குச் சென்றது’ என்றும் கை தானாக எழுதும். அப்படி எழுதிய கணத்தில் மூத்தவளின் குரல் போய் எழுத்தாளரின் குரல் வந்துவிடும்.

> நீர் கேட்டது: யார் இறங்குவார்?
> ‘நான்’ என்றது மடவை. வெள்ளி வயிற்று மடவை, துள்ளியே பழகிய மடவை.
> இறங்கியது, இறங்கியது. இரண்டு மூச்சு இறங்கியது.
> அடியைத் தொட்டதா? தொட்டது. பிடித்ததா? பிடிக்கக் கை இல்லை.
> — நீர் மூடியது.

> நீர் கேட்டது: யார் இறங்குவார்?
> ‘நான்’ என்றது ஆமை. ஓட்டு முதுகு ஆமை, வீட்டைச் சுமக்கும் ஆமை.
> இறங்கியது, இறங்கியது. மூன்று மூச்சு இறங்கியது.
> அடியைத் தொட்டதா? தொட்டது. பிடித்ததா? வாயால் பிடித்தது.
> மேலே வந்ததா? வந்தது. வந்து ‘நான்’ என்றது. வாய் திறந்தது, சேறு கரைந்தது.
> — நீர் மூடியது.

ஒவ்வோர் ஓட்டமும் முந்தையதைவிட ஒரு படி முன்னே போகிறது. நாரை தொடவில்லை, மடவை தொட்டது, பிடிக்கவில்லை, ஆமை பிடித்தது, காப்பாற்றவில்லை. கேள்விகளின் எண்ணிக்கையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறுகிறது. திரும்பச் சொல்வது சலிப்புத் தருகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இந்தப் படி இல்லாததுதான். மூன்று உயிர்களும் ஒரே மாதிரி தோற்றால் இரண்டாவது ஓட்டத்தைக் கேட்பவர் காதில் வாங்கமாட்டார்.

‘ஒரு மூச்சு, இரண்டு மூச்சு’ என்பது சொல்பவருக்கான பிடி. கூட்டத்தில் ஒரு குழந்தை அழுது கவனம் சிதறினாலும், எண்ணைப் பிடித்தால் எந்த ஓட்டத்தில் இருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அடைமொழிகளுக்கும் இதே பயன். ‘நெடுங்கால் நாரை, நின்றே தூங்கும் நாரை’ என்பது அழகுக்கு மட்டும் என்றால் எல்லா உயிருக்கும் ஒரே நீளத்தில் வர வேண்டிய தேவையில்லை. ஒரே நீளத்தில் வருவதால்தான் எந்த உயிரை வைத்தாலும் வரி ஒரே தாளத்தில் ஓடுகிறது. கிரேக்கக் கவி ஹோமரின் காவியங்களில் அடைமொழிகளின் இந்த வேலையை அடையாளம் கண்ட அமெரிக்க அறிஞர் மில்மன் பாரி, 1933 முதல் 1935 வரை யுகோஸ்லாவியாவில் பாடகர்களின் குரலைப் பதிவு செய்து அதைச் சோதித்தார். சங்கப் பாடல்களிலும் இப்படி வாய்மொழியின் தடம் இருக்கிறதா என்று கேட்டவர் இலங்கைத் தமிழறிஞர் க. கைலாசபதி.

அச்சு உடையும் இடம்

மூன்று முறை நிலையாக வந்ததைக் கேட்டுப் பழகிய காது, நான்காவது முறையும் ‘நான்’ என்ற சொல்லுக்காகக் காத்திருக்கும். இந்தக் காத்திருப்பை உண்டாக்கத்தான் இவ்வளவு நேரம் செலவழித்தோம்.

> நீர் கேட்டது: யார் இறங்குவார்?
> நண்டு ஒன்றும் சொல்லவில்லை. எட்டுக்கால் நண்டு, பக்கம் நடக்கும் நண்டு.
> இறங்கியது, இறங்கியது. நான்கு மூச்சு இறங்கியது.
> அடியைத் தொட்டதா? தொட்டது. பிடித்ததா? பிடித்தது. மேலே வந்ததா? வந்தது.
> என்ன கொண்டுவந்தாய்? நண்டு ஒன்றும் சொல்லவில்லை.
> கையில் என்ன என்று பார்க்க, நீர் ஓர் அடி பின்னால் போனது.
> — நீர் விலகியது.

உடைந்தது இரண்டே இடங்கள்: ‘நான்’ இல்லை, ‘நீர் மூடியது’ என்பது ‘நீர் விலகியது’ ஆகிவிட்டது. மற்ற எல்லாம் அப்படியே நிற்பதால்தான் இந்த இரண்டும் கேட்கின்றன. முதல் வற்றம் உண்டானதைத் தனியாக விளக்க வேண்டிய அவசியமே இல்லை. எதிர்க்குரல் கொடுத்தவர்களின் வாயிலேயே அது உண்டாகிவிட்டது.

விவிலியத்தின் ஆதியாகமத்தில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. ‘சாயங்காலமும் விடியற்காலமுமாகி’ என்ற தொடர் ஆறு நாளும் தவறாமல் வருகிறது. ஏழாம் நாளுக்கு அது வரவில்லை. ஓய்வு நாளுக்கு முடிவு சொல்லப்படவில்லை என்பதை அந்த இல்லாத தொடர் உணர்த்திவிடுகிறது. உடைப்பது ஒரு கதைக்கு ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை. அடிக்கடி உடைத்தால் அச்சு என்று ஒன்று மிஞ்சாது.

உடைவது எங்கே என்று முடிவு செய்ய ஒரு வழி: அந்தக் குடியின் ஏதாவது ஒரு வழக்கத்தை எடுத்து, அது பிறக்கும் இடத்தில் உடையுங்கள். ஓதக்குடியில் குழந்தையைத் தூக்கி நிற்கும் தாய்மாமன், கால் சேற்றில் படும் வரை வாய் திறக்கக் கூடாது. ஏன் என்பது இப்போது விளங்குகிறது. அவன்தான் அந்த நண்டு. ஆனால் இதைக் கதைக்குள் சொல்லக் கூடாது. ‘எனவேதான் இன்றும் எங்கள் தாய்மாமன்மார் பேசுவதில்லை’ என்று மூத்தவள் சொன்னால், அது வெளியிலிருந்து வந்த ஆய்வாளருக்குச் சொல்லும் பதில். சுற்றி நிற்பவர்களுக்கு மாமன் கண்ணெதிரே வாய் மூடி நிற்பது தெரியும்.

மனிதர் வருவது

இங்கே பலர் களிமண்ணைப் பிசைந்து மனிதனைச் செய்யப் போய்விடுகிறார்கள். அதற்கு முன், இதுவரை சொன்ன கதையில் தீராமல் கிடப்பது எது என்று பாருங்கள். நண்டு சொல்லாமல் அடக்கிய சொல் ஒன்று இருக்கிறது. தொடக்கத்தில் ‘பேரும் இல்லை, வாயும் இல்லை’ என்று நீக்கியதும் இருக்கிறது. நண்டின் வாயில் நுரை தள்ளுவதைக் கழியோரத்தில் யாரும் பார்த்திருப்பார்கள்.

> சொல்லாத சொல் எங்கே போனது? வாயில் நின்றது.
> வாயில் நின்றது என்ன ஆனது? நுரை ஆனது.
> நுரை என்ன ஆனது? உடைந்தது, உடைந்தது.
> உடைந்த ஒவ்வொன்றும் ஒரு பேர் சொன்னது.
> பேர் கேட்டவர் எழுந்தார். எழுந்தவர் நாம்.

மனிதர் எப்படிச் செய்யப்பட்டார் என்று இது சொல்லவில்லை. எப்படிக் கூப்பிடப்பட்டார் என்று சொல்கிறது. பேர் வைக்கும் சடங்குக்கு வேண்டியது அதுதான். நீலகிரித் தோடர்கள் எருமையோடு வாழ்பவர்கள். 1906இல் வெளிவந்த மானுடவியலாளர் ரிவர்ஸின் பதிவின்படி, தெய்வம் பூமியிலிருந்து 1600 எருமைகளை வெளியே வரவழைக்க, கடைசி எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவனே முதல் தோடன். வாழ்வு எதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறதோ, முதல் மனிதனும் அதன் வாலைப் பிடித்தே வருகிறான். உங்கள் குடிக்கு அது எது என்று தெரிந்துவிட்டால் களிமண் தேவைப்படாது.

மேலே உள்ள துண்டில் முந்தைய வரியின் கடைசிச் செய்தியை எடுத்து அடுத்த வரி தொடங்குகிறது. நம் அந்தாதியின் வழி இது. ஒரே அச்சைத் திரும்பச் சொல்வதிலிருந்து சங்கிலிக்கு மாறியதால் வேகம் கூடுகிறது. முடிவை நெருங்கும்போது இப்படி மாற்றுவது உதவும்.

கடைசியில் முத்திரை. சொன்னது தன் சொந்தச் சொல் இல்லை என்று சொல்பவர் கைகழுவும் வரி:

> நான் சொல்லவில்லை. எனக்கு முன் இருந்த வாய் சொன்னது.
> கால் வை.
> — நீர் வருகிறது.

எதிர்க்குரல்கள் நான்கையும் தனியே எடுத்துப் படியுங்கள்: நீர் இருந்தது, நீர் மூடியது, நீர் விலகியது, நீர் வருகிறது. கூட்டத்தின் பங்கை மட்டும் கேட்டாலே கதை தெரிய வேண்டும். சேற்றில் கடைசியாக நிற்பவருக்கு மூத்தவளின் குரல் எட்டாமல் போகலாம்; பக்கத்தில் நிற்பவரின் குரல் எட்டும்.

தமிழில் எழுதும்போது குறிப்பாகத் தவறுவது

‘இருந்ததாம், போனதாம்’ என்று எழுதுவது முதல் தவறு. ‘ஆம்’ ஒட்டினால் ‘எனக்குத் தெரியாது, யாரோ சொன்னார்கள்’ என்று பொருள். பாட்டி தூங்கவைக்கச் சொல்லும் கதைக்கு அது பொருத்தம். சடங்கில் நிற்பவள் பார்த்தவள் போலச் சொல்ல வேண்டும்: ‘இருந்தது. போனது.’ பொறுப்பைக் கைமாற்றும் வேலையைக் கடைசி முத்திரை வரி ஒன்றே செய்துவிடுகிறது.

அடுத்தது பழமைக்காகச் சங்கச் சொற்களைத் தூவுவது. ‘ஆழி சூழ் உலகம் தோன்றாமுன்’ என்று தொடங்கினால் புலவர் வந்துவிடுவார், மூத்தவள் போய்விடுவாள். வாய்மொழியில் பழமை சொல்லில் இருப்பதைவிட அடுக்கில்தான் அதிகம். பொருள் மறந்துபோன பழஞ்சொல் ஒன்றோ இரண்டோ இருக்கலாம். அவை எதிர்க்குரலிலோ முத்திரையிலோ, அதாவது யாரும் மாற்றத் துணியாத இடத்தில் மட்டும் இருக்க வேண்டும். கதை ஓடும் பகுதியில் புரியாத சொல் தங்காது. அடுத்து சொல்பவர் புரிந்த சொல்லாக மாற்றிவிடுவார்.

தமிழ் வாக்கியம் வினையில் முடிவது நமக்கு ஒரு வசதி. ‘இல்லை’ என்று முடிந்ததும் கூட்டத்துக்குத் தன் முறை என்று தெரிந்துவிடும். வில்லுப்பாட்டில் முதன்மைப் பாடகர் வாக்கியத்தை முடிக்கும் இடத்தில் பின்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடுவதைக் கேட்டவர்களுக்கு இந்தச் சந்திப்பு எவ்வளவு இறுக்கமாக இருக்கும் என்று தெரியும். அதே வினைமுடிவு ஒரு தொல்லையும் தரும். ‘வந்தது, எடுத்தது, போட்டது’ என்று ஐந்தாறு வரி ஒரே ‘து’வில் முடிந்தால் உயிரில்லாமல் தட்டும். அப்போது பெயரைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ‘நாரை “நான்” என்றது’ என்பதைவிட, ‘“நான்” என்றது நாரை’ என்பது காதுக்கு நிமிர்ந்து நிற்கிறது.

சோதிப்பது

எழுதி முடித்த மறுநாள், தாளைப் பார்க்காமல் முழுவதையும் ஒருவருக்குச் சொல்லுங்கள். எந்த வரியை மறந்தீர்களோ, அதைப் பெரும்பாலும் நீக்கிவிடலாம். எந்த வரி உங்களை அறியாமல் வேறு சொல்லாக வந்ததோ, வந்த சொல்லே சரியானது. இரண்டு பேரை எதிர்க்குரல் கொடுக்கச் சொல்லுங்கள். அவர்கள் தாமதித்துக் குரல் கொடுக்கும் இடத்தில் உங்கள் வரியின் முடிவு தெளிவாக இல்லை என்று பொருள். இந்தக் கதையில் அப்படித் தடுக்கக்கூடிய இடம் ஆமையின் ஓட்டம். அதில் ஒரு வரி கூடுதலாக இருப்பதால் ‘பிடித்தது’ என்றதும் சிலர் ‘நீர் மூடியது’ என்று முந்திக்கொள்வார்கள். அதைத் திருத்த வேண்டியதில்லை. முந்திக்கொண்டவர் ‘மேலே வந்ததா?’ என்று கேட்டதும் சட்டென்று நிறுத்துவார், கவனம் கூடும்.

எல்லாப் பகுதியும் சொல்லுக்குச் சொல் நிலையாக இருக்க வேண்டுமா என்பதையும் முடிவு செய்யுங்கள். பாரியும் அவருடைய மாணவர் ஆல்பர்ட் லார்டும் சந்தித்த பாடகர்கள் ‘சொல்லுக்குச் சொல் அப்படியே பாடுகிறேன்’ என்றார்கள். பதிவுகளை ஒப்பிட்டால் வேறுபாடுகள் இருந்தன. வேதம் ஓதுவதோ, ஓர் எழுத்தும் பிசகாமல் காக்கப் பல ஓதுமுறைகளையே உண்டாக்கிக்கொண்டது. ஓதக்குடியில் திறப்பும் எதிர்க்குரலும் முத்திரையும் மாறாதவை. நடுவில் வரும் உயிர்களை மூத்தவள் மாற்றலாம். மேல்கரைக் குடும்பங்கள் மடவைக்குப் பதில் கெளுத்தியைச் சொல்லலாம். நாவலில் இரண்டு கிளைகள் இதைப் பற்றிச் சண்டை போடுவதுகூட ஒரு நல்ல காட்சி.

நாவலுக்குள் வைக்கும்போது இன்னொரு சிக்கல் வரும். தாளில் படிப்பவருக்கு எதிர்க்குரல் கொடுக்க வாய்ப்பில்லை. திரும்ப வரும் வரியைக் கண் தாண்டிப் போய்விடும். அதற்காக முதல் இரண்டு ஓட்டங்களை முழுதாகக் கொடுங்கள். இரண்டுக்குக் குறைந்தால் அச்சு பதியாது, நான்காவது உடைவது யாருக்கும் தெரியாது. மூன்றாவது ஓட்டத்தின் மேல் காட்சியை ஓட்டலாம்: மூத்தவள் ஆமையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க, மாமனின் கை வலிக்கிறது, தூரத்தில் நீரின் கோடு வெளுக்கிறது, நடுவே ‘நீர் மூடியது’ மட்டும் கேட்கிறது. நான்காவதை மறுபடி முழுதாகக் கொடுங்கள். ஒரு மூச்சில் சொல்வதை ஒரு வரியாக உடைத்து எழுதுங்கள். சூனி மக்களின் கதைகளை எழுத்துக்குக் கொண்டுவந்த அமெரிக்க மானுடவியலாளர் டென்னிஸ் டெட்லாக், சொல்பவர் நிறுத்திய இடத்திலெல்லாம் வரியை முறித்தே அச்சிட்டார். பத்தியாக ஓட்டி எழுதிய அதே சொற்களைப் பக்கத்தில் வைத்து உரக்கப் படித்தால், மூத்தவளின் மூச்சு எந்தப் பிரதியில் இருக்கிறது என்று காது காட்டிக்கொடுக்கும்.